ஆறாம் வாரத்தில் ஒரு கடிதம்: மடங்க மறுக்கும் முழங்கால் பற்றி அறுவை மருத்துவருக்கு நாங்கள் எழுதுவது என்ன?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆனபின், எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் சில குடும்பத்தாரிடம் நாங்கள் ஒரு செய்தியைச் சொல்ல நேர்கிறது. "அறுவை செய்த மருத்துவருக்கு ஒரு கடிதம் தருகிறோம், இந்த வாரமே போய்ப் பாருங்கள்" என்பதே அது. அதைக் கேட்டவுடன் பலருடைய முகம் வாடிவிடும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்றோ, பயிற்சி செய்யவில்லை எனக் குறை சொல்லி எழுதுகிறார்கள் என்றோ எண்ணிக்கொள்வார்கள். சிலர் உறையைப் பிரிக்காமல் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று காத்திருப்பதும் உண்டு. அந்த ஒரு மாதம்தான் இழக்கக் கூடாத மாதம்.

ஆகவே அத்தகைய கடிதம் ஒன்றை இந்த இதழில் வெளியிட்டு, அதன் ஒவ்வொரு பகுதியும் ஏன் எழுதப்படுகிறது என்பதை விளக்குகிறோம். இதில் வரும் அம்மையார் தனி ஒருவர் அல்லர். எங்களிடம் வரும் பலரிடம் கண்டவற்றைத் தொகுத்து ஒருவராக அமைத்திருக்கிறோம். காங்கேயத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்; வயது 63; சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். வலது முழங்காலில் கோவையில் அறுவை சிகிச்சை நடந்தது. பயிற்சிக்கு எங்களிடம் வருகிறார். ஆறாம் வாரத்தில் அவர் சொன்னது இது: "நடக்கறதுக்குப் பரவாயில்லைங்க. பஸ் படியில ஏறத்தான் காலு மடங்க மாட்டேங்குது. கட்டை மாதிரி நிக்குதுங்க."

கடிதத்தைப் படிக்குமுன் ஓர் அளவை மட்டும் அறிந்துகொள்வோம். கால் முழுவதும் நேராக நீண்டிருக்கும் நிலை 0 பாகை. நாற்காலியில் பாதம் தரையில் பதிய, கெண்டைக்கால் செங்குத்தாக நிற்குமாறு அமர்ந்தால் முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்கியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பெட்டியில் உள்ள கோணமானியைப் போன்ற, இரண்டு நீண்ட கைகள் கொண்ட கருவியால் இதை அளக்கிறோம்.

கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஆறாம் வாரத்திலும் நீடிக்கும் விறைப்பு.

தங்களிடம் அறுவை சிகிச்சை பெற்ற இந்த 63 வயது அம்மையார் இரண்டாம் வாரம் முதல் எங்களிடம் பயிற்சிக்கு வருகிறார். அவருடைய அளவுகள் வருமாறு:

அறுவைக்கு முன்: நீட்டலில் 10 பாகை குறை, மடக்கல் 105 பாகை.
அறுவை மேசையில், தங்கள் குறிப்பின்படி: முழு நீட்டல், மடக்கல் 120 பாகை.
இரண்டாம் வாரம்: நீட்டலில் 8 பாகை குறை, மடக்கல் 76 பாகை.
நான்காம் வாரம்: நீட்டலில் 10 பாகை குறை, மடக்கல் 80 பாகை.
ஆறாம் வாரம்: நீட்டலில் 12 பாகை குறை, மடக்கல் 78 பாகை.

ஆறாம் வார அளவை இரண்டு நாள்களில் எடுத்தோம். வலி மாத்திரை இன்றி 78 பாகை. தாங்கள் எழுதிய மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொண்டு வந்த நாளில் 82 பாகை. மடக்கலின் முடிவில் மூட்டு இழுபட்ட தோல் வாரைப் போல நிற்கிறது. எலும்பு மோதியது போன்ற கடினத் தடை இல்லை. முழங்கால் சில்லு மேலும் கீழும் நகர்வது இடது காலைக் காட்டிலும் குறைவு. காலை நேராகத் தூக்க முடிகிறது. தொடையின் முன்தசை இயங்குகிறது.

காயம் ஆறியுள்ளது, கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை. மூட்டில் இளஞ்சூடும் சிறிதளவு வீக்கமும் உள்ளன. இரண்டும் கடந்த இரு வாரங்களில் கூடவில்லை. கெண்டைக்கால் மென்மையாக உள்ளது. தோலில் நிற மாற்றமோ, தொட்டாலே எரியும் தன்மையோ இல்லை. வலி ஓய்வில் பத்துக்கு 3. மடக்கலின் முடிவில் 7.

மூன்று செய்திகளைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வலி மாத்திரையை மூன்றாம் வாரத்திலேயே தாமாக நிறுத்தியுள்ளார். மூன்றாம், நான்காம் வாரங்களுக்கு இடையில் பத்து நாள்கள் பயிற்சிக்கு வரவில்லை. இரவில் முழங்காலின் கீழ் தலையணை வைத்து உறங்கியிருக்கிறார். கடந்த வாரம் அறிந்து நிறுத்தினோம்.

தாங்கள் நேரில் பார்த்து, எக்ஸ்ரேயும் தேவையான இரத்தப் பரிசோதனைகளும் செய்து, கிருமித் தொற்றோ பொருத்திய மூட்டின் அமைப்பில் காரணமோ இல்லை என உறுதிசெய்ய வேண்டுகிறோம். வலி மருந்தை மறுபடி வகுத்துத் தரவும், எட்டாம் வாரத்திற்குள் மடக்கல் 90 பாகையை எட்டாவிடில் மயக்க நிலையில் மூட்டை மடக்கிவிடுவது பற்றித் தங்கள் முடிவைத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இவண்,
இயன்முறை மருத்துவப் பிரிவு

ஓர் அளவு போதாது

கடிதம் ஏன் ஐந்து அளவுகளோடு தொடங்குகிறது? 78 பாகை என்ற எண் தனியே நின்றால் அதற்குப் பொருள் குறைவு. இரண்டாம் வாரத்தில் 76 என்றால் நாங்கள் கவலைப்படுவதில்லை. ஆறாம் வாரத்தில் 78 என்றாலும், நான்காம் வாரத்தில் அது 60 ஆக இருந்திருந்தால், கால் மெதுவாகவேனும் முன்னேறுகிறது, பொறுத்திருக்கலாம். இந்த அம்மையாரின் கால் நான்கு வாரமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. எங்களைக் கடிதம் எழுத வைப்பது அந்தத் தேக்கம்தான்.

அறுவைக்கு முன்னிருந்த அளவையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகள் மடங்காமல் இருந்த காலில் தசையும் இணைப்புத் திசுவும் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். புதிய மூட்டைப் பொருத்தியதும் அவை ஒரே நாளில் நெகிழ்ந்துவிடா. ஆகவே அறுவைக்கு முன் 70 பாகை மட்டும் மடங்கிய காலிடமிருந்து 120 பாகையை எதிர்பார்ப்பது முறையன்று. இந்த அம்மையாருக்கு முன்பு 105 பாகை இருந்தது. அறுவை மேசையில் 120 பாகை மடங்கியது. அங்கே மடங்கிய மூட்டு இங்கே மடங்கவில்லை என்றால், இடைப்பட்ட ஆறு வாரத்தில் ஏதோ ஒன்று குறுக்கே வந்திருக்கிறது என்பது தெளிவு.

மடக்கலைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். நீட்டலைப் பற்றிக் கேட்பவர் குறைவு. நடக்கும்போது காலைத் தரையிலிருந்து எடுத்து வைக்க ஏறத்தாழ 65 பாகை மடக்கல் போதும். மாடிப்படி ஏற 80 பாகைக்கு மேலும், இறங்க 90 பாகைக்கு மேலும் வேண்டும். தாழ்ந்த இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழ 100 பாகை அளவு வேண்டியிருக்கும். அம்மையாரால் நடக்க முடிந்தும் பேருந்தின் உயர்ந்த படியில் ஏற முடியாமல் போனது இதனால்தான். ஆனால் நீட்டலில் 12 பாகை குறைந்தால், நிற்கும் நேரமெல்லாம் தொடையின் முன்தசை உடலைத் தாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். சிறிது தூரத்திலேயே கால் சோர்ந்து, நடை நொண்டும். அவருடைய அளவுகளைத் திரும்பப் பார்த்தால், நீட்டற்குறை 8, 10, 12 என வளர்ந்திருப்பது தெரியும்.

எது தடுக்கிறது?

கடிதத்தின் நடுப்பகுதி முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான விடைத் தேடல். மூட்டு மடங்காமல் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. காரணத்திற்கு ஏற்ப மருத்துவமும் மாறும்.

முதலில் வலி. வலிக்கும் என்ற அச்சத்தில் தசைகள் தாமாகவே மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதைப் பிரித்தறியத்தான் இரண்டு நாள்களில் அளந்தோம். மாத்திரை போட்டு வந்த நாளில் மடக்கல் 15, 20 பாகை கூடியிருந்தால், தடுத்தது பெரும்பாலும் வலியும் தசை இறுக்கமுமே என்று கொண்டு, வலியைச் சரியாகக் கட்டுப்படுத்திப் பயிற்சியைத் தொடர்ந்திருப்போம். அவருக்குக் கூடியது 4 பாகை மட்டுமே. எனவே உள்ளே வேறொன்றும் தடுக்கிறது.

அடுத்தது வடுத்திசு. தோலில் ஆறிய காயம் தடித்துச் சுருங்குவதைப் போலவே மூட்டின் உள்ளும் நார் போன்ற திசு வளர்கிறது. அளவோடு வளர்ந்தால் அது இயல்பு. மிகுதியாக வளர்ந்தால் மூட்டின் மடிப்புகளை ஒட்டவைத்துவிடும். சில்லு நகராமல் இருப்பதும், முடிவில் தோல் வாரை இழுத்தது போன்ற தடை தென்படுவதும் இதற்கான அறிகுறிகள். எலும்பு மோதியது போலச் சட்டென்று நின்றால், பொருத்திய பகுதியின் அளவிலோ அமைப்பிலோ காரணம் இருக்கக்கூடும். கையால் உணர்வதைக்கொண்டு மட்டும் அதை முடிவு செய்ய இயலாது, எக்ஸ்ரே அதற்காகவே.

மூன்றாவது, தவறவிடக் கூடாதது, கிருமித் தொற்று. உள்ளே தொற்று இருக்கும் மூட்டும் விறைப்பாகத்தான் இருக்கும். அதை அறியாமல் பலமாக மடக்கினால் தீங்கே விளையும். அறுவைக்குப் பின் மூட்டில் இளஞ்சூடு சில மாதங்கள் இருப்பது இயல்பு; சூட்டை மட்டும் வைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குறைந்துவந்த சூடும் வீக்கமும் மீண்டும் கூடினாலோ, காயத்தில் கசிவு தோன்றினாலோ, ஓய்விலும் இரவிலும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கடிதத்திற்குக் காத்திராமல் அன்றே அறுவை மருத்துவரை அணுகவேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கும் அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு விரையவேண்டும்.

ஏன் ஆறாம் வாரம்?

வடுத்திசு முதல் வாரங்களில் இளையது, இழுத்தால் நெகிழும். மாதங்கள் செல்லச் செல்ல அது முற்றி உறுதிப்படுகிறது. மயக்க நிலையில் மூட்டை மடக்கிவிடும் முறை பொதுவாக முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் செய்யப்படும்போது நல்ல பயன் தருகிறது. அதன்பின் பயன் குறைகிறது. எலும்பு முறிவு போன்ற இடர்களும் கூடலாம். மேலும் தாமதித்தால், வடுத்திசுவை அறுவை செய்தே நீக்கும் நிலை வரலாம்.

ஆறாம் வாரத்தில் எழுதினால், மருத்துவர் பரிசோதிக்கவும், இரண்டு வாரம் தீவிரமாகப் பயிற்சி செய்து பார்க்கவும், தேவைப்பட்டால் மடக்கிவிடவும் காலம் இருக்கிறது. பதினான்காம் வாரத்தில் எழுதினால் அந்த வாய்ப்புகளில் பாதி கைநழுவியிருக்கும்.

குறை சொல்ல அல்ல

தலையணை, மாத்திரை, விடுபட்ட பத்து நாள் ஆகிய மூன்றையும் கடிதத்தில் கண்டபோது அம்மையாரின் மருமகள் வருந்தினார். "எங்க மேலதான் தப்புன்னு எழுதியிருக்கீங்களாங்க?" என்று கேட்டார். நாங்கள் எழுதியது அதற்காக அன்று. இம்மூன்றும் இல்லாதிருந்தும் விறைப்பு வருவதுண்டு. முறையாகப் பயிற்சி செய்தவர்க்கும் வடுத்திசு மிகுதியாக வளர்வதுண்டு. ஆயினும் இவை மருத்துவரின் முடிவை மாற்றக்கூடியவை. போதிய வலி மருந்தும் முழுமையான பயிற்சியும் கிடைத்தும் மடங்காத கால் ஒன்று. அவை கிடைக்காததால் மடங்காத கால் வேறொன்று. முன்னதற்கு உடனே மடக்கிவிட நினைக்கலாம். பின்னதற்கு முதலில் இரண்டு வாரம் முயன்று பார்க்கலாம்.

மாத்திரையை நிறுத்தியதற்கு அவரிடம் காரணம் இருந்தது. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அண்டை வீட்டார் சொல்லியிருந்தனர். சில வகை வலி மாத்திரைகளைப் பற்றி, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்க்கு, அந்த அச்சம் பொருளற்றது அன்று. அவருக்கு எழுதப்பட்டிருந்தது பாராசிட்டமால். இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே அதன் அளவு குறிக்கப்பட்டிருந்தது. அச்சத்தை மருத்துவரிடம் கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். பத்து நாள் விடுபட்டதோ உறவினர் வீட்டுச் சீருக்குக் குடும்பத்தார் சென்றிருந்த நாள்களில், அழைத்துவர ஆளில்லை.

தலையணையை அன்பினால் வைத்தார்கள். முழங்காலின் கீழ் மெத்தென்று ஒன்றை வைத்தால் வலி குறையும். கால் சற்றே மடங்கிய நிலையில் சுகமாகக் கிடக்கும். ஆனால் இரவு முழுதும் அப்படிக் கிடக்கும் மூட்டின் பின்புறம் அந்த நிலையிலேயே சுருங்கிவிடும். நீட்டற்குறை வளர்ந்ததற்கு அது துணைபோயிருக்கக்கூடும். வைப்பதாயின் சுருட்டிய துண்டைக் குதிகாலின் கீழ் வைக்கவேண்டும். முழங்காலின் பின்புறம் எதிலும் படாமல் தொங்கவேண்டும். ஒருமுறைக்குப் பத்து நிமிடம் வீதம், நாளுக்கு நான்கைந்து முறை இவ்வாறு செய்யச் சொன்னோம்.

பதிலும் பின் நடந்ததும்

மருத்துவர் அந்த வாரமே பார்த்தார். எக்ஸ்ரேயில் பொருத்திய பகுதிகளும் சில்லும் சரியான இடத்தில் இருந்தன. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இரண்டு அளவுகளைச் சோதித்தார். சி.ஆர்.பி. இயல்பாக இருந்தது, ஈ.எஸ்.ஆர். சற்றுக் கூடுதலாக இருந்தது. ஈ.எஸ்.ஆர். அறுவைக்குப் பின் சில மாதங்கள் கூடுதலாக நிற்பதுண்டு, சி.ஆர்.பி. விரைவில் இறங்கிவிடும். சி.ஆர்.பி. இயல்பாக இருந்ததையும் தொற்றின் அறிகுறி வேறெதுவும் இல்லாததையும் சேர்த்துப் பார்த்து, மருத்துவர் முடிவுக்கு வந்தார். வலி மருந்தை நேரப்படி எடுக்கவும், இரண்டு வாரம் வாரத்திற்கு ஐந்து நாள் பயிற்சிக்கு வரவும் எழுதியனுப்பினார்.

எட்டாம் வாரத்தில் நீட்டற்குறை 8 பாகையாகக் குறைந்தது. மடக்கல் 86 பாகை. முன்னேற்றம் உண்டு, எனினும் போதவில்லை. சர்க்கரை அளவையும் எலும்பின் உறுதியையும் பார்த்தபின், முதுகில் ஊசி மூலம் கால்களை மரத்துப்போகச் செய்து, மருத்துவர் மூட்டை மெல்ல மெல்ல மடக்கினார். கத்தி படாத முறை இது; ஒட்டிய நார்கள் விடுபட்டுக் கால் 115 பாகை மடங்கியது. அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. பத்து நாள் ஒரு நாளும் விடவில்லை. இந்தப் பத்து நாளைத் தவறவிட்டால் நார்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். மடக்கிவிட்டதன் பயன் போய்விடும்.

பன்னிரண்டாம் வாரத்தில் மடக்கல் 103 பாகை. நீட்டற்குறை 4 பாகை. மேசையில் கண்ட 115 பாகை முழுவதும் நிலைக்கவில்லை; ஓரளவு திரும்பக் குறைவது வழக்கமே. நீட்டலைப் பொறுத்தவரை மடக்கிவிடுதல் பெரிதும் உதவுவதில்லை. அங்கே கிடைத்த பயன் துண்டும் பொறுமையும் தந்தது. அம்மையார் இப்போது பேருந்தில் ஏறி இறங்குகிறார். திண்ணையிலிருந்து தாமே எழுகிறார். குந்தி அமர்ந்து பால் கறப்பது மட்டும் இனி இல்லை. அந்த வேலை மருமகளிடம் போயிற்று. அதை அவர் எளிதில் ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

வீட்டில் எடுக்கக்கூடிய அளவு

எங்கள் கடிதம் பயன்பட, வீட்டிலிருந்து வரும் குறிப்பும் வேண்டும். ஒரே நாற்காலியை ஒரே இடத்தில் சுவரோடு சேர்த்துப் போட்டு, முதுகை நன்கு சாய்த்து அமர்ந்து, இடுப்பைத் தூக்காமல் பாதத்தைப் பின்னால் இழுக்கவேண்டும். கட்டைவிரல் நிற்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். வாரம் இருமுறை இதைச் செய்து, கோடு பின்னால் நகர்கிறதா என்று பாருங்கள். படுத்துக் காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்திற்கும் கட்டிலுக்கும் இடையே எத்தனை விரல் நுழைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் கோடு நகராமல் நின்றாலோ, நுழையும் விரல்கள் கூடினாலோ, அடுத்த முறை வரும்வரை காத்திராமல் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கடிதம் தந்தால், அதைப் பிரித்துப் படியுங்கள். புரியாத வரியைக் கேளுங்கள். அந்த வாரத்திலேயே எடுத்துச் செல்லுங்கள்.